வாட்ஸ்அப்பில் வரும் படத்தை ஷேர் செய்து விவரம் கேட்பது: எப்படி, எவ்வளவு நம்பலாம்

கேள்வி: எனக்குக் கண் தெரியாது. ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் போட்டுப் பயன்படுத்துகிறேன். குடும்ப குரூப்பில் வரும் படமெல்லாம் எனக்கு வெறும் "போட்டோ" என்றுதான் கேட்கிறது. அதை ஷேர் செய்தால் படத்தில் என்ன இருக்கிறது என்று ஓர் ஆப் சொல்லிவிடும் என்கிறார்கள். எப்படிச் செய்வது? சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

பதில்:

செய்வது எளிது, இரண்டு நாளில் கை பழகிவிடும். நம்புவதுதான் கவனம் வேண்டிய இடம். ஆகவே வழிமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அதைப் பற்றி விரிவாக எழுதுகிறேன்.

இந்த வேலைக்கு Be My Eyes, Seeing AI, Envision எனப் பல ஆப்கள் இருக்கின்றன. இங்கே Be My Eyes-ஐ வைத்துச் சொல்கிறேன். காரணம், ஒரே ஆப்பில் இயந்திரத்தின் விவரிப்பும் கிடைக்கும், அது போதாதபோது கண் தெரிந்த தன்னார்வலரை வீடியோ அழைப்பில் கூப்பிடும் வசதியும் கிடைக்கும். 2015-ல் தன்னார்வலர் அழைப்புக்காகத் தொடங்கிய ஆப் இது. படத்தை விவரிக்கும் வசதி 2023-ல் ஓபன்ஏஐ நிறுவனத்தின் ஜிபிடி-4 என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரியைக் கொண்டு சேர்க்கப்பட்டது. ஆப் இலவசம். நிறுவியதும் இரண்டு வாய்ப்புகள் வரும். அதில் I need visual assistance என்பதைத் தேர்ந்தெடுத்துக் கணக்கு தொடங்குங்கள். இன்னொன்று தன்னார்வலர்களுக்கானது.

இனி வாட்ஸ்அப். முதலில் படம் உங்கள் போனில் இறங்கியிருக்க வேண்டும். தானாக இறங்குவதை நிறுத்தி வைத்திருந்தால் படத்தின் மேல் விரல் வைக்கும்போது Download என்றோ படத்தின் அளவையோ டாக்பேக் சொல்லும். அதை இருமுறை தட்டி இறக்கிக்கொள்ளுங்கள். இறங்காத படத்துக்கு ஷேர் வாய்ப்பு வராது, பலர் "எனக்கு அந்த பட்டனே இல்லை" என்று சொல்வது பெரும்பாலும் இதனால்தான். பிறகு படத்தின் மேல் இருமுறை தட்டி இரண்டாம் தட்டில் விரலை எடுக்காமல் பிடியுங்கள். படம் தேர்வாகிவிடும், திரையின் மேல்பகுதியில் பட்டன்கள் வரும். அங்கே Share நேராக இருக்கலாம், இல்லையென்றால் More options உள்ளே இருக்கும். பக்கத்திலேயே Forward என்றொரு பட்டன் உண்டு. அது வாட்ஸ்அப்புக்குள் இன்னொருவருக்கு அனுப்புவதற்கு. அவசரத்தில் அதைத் தட்டி, அடுத்து வரும் பெயர்ப் பட்டியலில் யாரையாவது தட்டினால் படம் அவருக்குப் போய்விடும். பட்டனின் பெயரை முழுக்கக் கேட்டுவிட்டுத் தட்டுங்கள்.

Share தட்டியதும் போனில் உள்ள ஆப்களின் பட்டியல் வரும். வலப்புறம் ஸ்வைப் செய்துகொண்டே போனால் Be My Eyes வரும். முதலில் தெரியாவிட்டால் பட்டியலின் கடைசியில் உள்ள More-ஐத் திறந்து பாருங்கள். தட்டியதும் ஆப் திறந்து படம் இணையம் வழியே போகும். சில நொடிகளில் விவரம் எழுத்தாக வரும். இணையம் மெதுவாக இருந்தால் இன்னும் நேரமாகும். டாக்பேக் தானாகப் படிக்காவிட்டால் வலப்புறம் ஸ்வைப் செய்து அந்தப் பத்தியில் நிறுத்துங்கள். கீழே கேள்வி எழுதும் இடம் இருக்கும். அதே படத்தைப் பற்றி எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேட்கலாம். விவரம் ஆங்கிலத்தில் வந்தால் அந்த இடத்தில் "தமிழில் சொல்லவும்" என்று எழுதினால் தமிழில் வரும். படிக்கும் குரலிலும் தமிழ் இருக்க வேண்டும். ஆங்கிலக் குரல் மட்டும் இருந்தால் தமிழ் எழுத்து வந்தும் ஒன்றும் கேட்காது. போனின் உரையிலிருந்து பேச்சு அமைப்பில் தமிழ்க் குரலை இறக்கிவிட்டால் இது தீர்ந்தது.

இரண்டு இடங்களில் இந்த வழி சரிவராது. ஒருமுறை மட்டும் பார்க்கும்படி அனுப்பப்பட்ட படத்தை ஷேர் செய்யவும் முடியாது, ஸ்கிரீன்ஷாட் எடுக்கவும் முடியாது. அனுப்பியவரிடம் சாதாரணமாக அனுப்பச் சொல்வது ஒன்றே வழி. மற்றொன்று, ஷேரைத் தேடாமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவது. அப்படிச் செய்தால் மேலே இருக்கும் பெயர், நேரம், பேட்டரி அளவு எல்லாம் சேர்ந்து விவரத்தில் வரும். நடுவில் இருக்கும் படம் சிறிதாகிவிடுவதால் அதைப் பற்றி இரண்டு வரிதான் கிடைக்கும்.

டாக்பேக்கின் மெனுவிலேயே படத்தை விவரிக்கும் வாய்ப்பு புதிய பதிப்புகளில் இருக்கிறது. மூன்று விரலால் ஒருமுறை தட்டி மெனுவைத் திறந்து Describe image என்பதைத் தேடுங்கள். "இது கல்யாணப் படமா, காலை வணக்கம் படமா" என்று தெரிந்துகொள்ள அதுவே போதும். குரூப்பில் வரும் எல்லாப் படத்தையும் ஷேர் செய்துகொண்டிருக்கத் தேவையில்லை.

இனி, விவரம் எப்படி இருக்கும் என்பது. வழக்கமாக முதல் வாக்கியத்தில் மொத்தக் காட்சி வரும்: வீட்டு வாசலில் ஆறு பேர் நிற்கிறார்கள், நடுவில் இருப்பவர் மாலை அணிந்திருக்கிறார் என்பது போல. அடுத்து இடமிருந்து வலமாக ஒவ்வொருவரின் உடை, பிறகு பின்புலம், எழுத்து இருந்தால் அது. பெயர் சொல்லாது. உங்கள் தம்பியின் படத்தை நூறு முறை அனுப்பினாலும் "வெள்ளைச் சட்டையும் வேட்டியும் அணிந்த, முப்பது வயது மதிக்கத்தக்க ஆண்" என்றுதான் வரும். முகத்தை வைத்து ஆளை அடையாளம் சொல்வதில்லை என்பது அந்த ஆப்பின் கட்டுப்பாடு, குறை அல்ல. யார் எங்கே நிற்கிறார்கள் என்று அனுப்பியவரிடம் ஒரு வரி கேட்டு வாங்கிக்கொண்டால், அதையும் விவரத்தையும் சேர்த்து நீங்களே பொருத்திக்கொள்ளலாம். அப்போது ஒன்றைக் கேட்டுத் தெளிவாக்குங்கள்: இடது என்றால் படத்தின் இடதா, நிற்பவரின் இடதா. விவரிப்புகள் பெரும்பாலும் படத்தின் இடதைச் சொல்லும். உறவினர்களோ "மாப்பிள்ளைக்கு இடது பக்கம்" என்பார்கள், அது படத்தில் வலது.

குடும்பப் படங்களில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. கண்ணுக்கு நேரடியாகப் பெரிதாகத் தெரிவது பெரும்பாலும் சரியாக இருக்கும்: வெளியிலா உள்ளேயா, உட்கார்ந்திருக்கிறார்களா நிற்கிறார்களா, சேலையின் முக்கிய நிறம், மேசை மேல் கேக் இருக்கிறதா. எண்ணிக்கை ஐந்தாறு பேர் வரை சரியாக வரும். மண்டபத்தில் நாற்பது பேர் வரிசையாக நின்றால் சொல்லும் எண் தோராயம்தான். உறவு பற்றிச் சொல்வது ஊகம். அருகருகே நிற்கும் ஆணும் பெண்ணும் கணவன் மனைவி ஆகிவிடுவார்கள், அண்ணன் தங்கையாக இருந்தாலும். நம்மூர்ப் பொருள்களிலும் தடுமாறும். பாவாடை தாவணியைச் சேலை என்று சொல்வதும், சர்க்கரைப் பொங்கலைப் பழுப்பு நிறக் கஞ்சி போன்ற உணவு என்று சொல்வதும் நடக்கும். இவற்றால் பெரிய கேடு இல்லை. கேடு வருவது எழுத்திலும் எண்ணிலும்.

அது ஏன் என்று புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினையிலிருந்து தப்பலாம். வாட்ஸ்அப் சாதாரணமாக அனுப்பும் படத்தைச் சுருக்கி, தரத்தைக் குறைத்துத்தான் அனுப்புகிறது. அதை விவரிக்கும் மாதிரியும் தன் பங்குக்கு இன்னொரு முறை சுருக்கிக்கொள்ளும். முழுப் பக்கப் பத்திரிகையில் இருக்கும் சிறிய எழுத்துகள் இந்த இரண்டு சுருக்கத்துக்குப் பிறகு வெறும் புள்ளிகளாகக் கலைந்துவிடும். பழைய முறையில் எழுத்தை மட்டும் அடையாளம் காணும் மென்பொருளுக்கு அப்படிப்பட்ட படத்தைக் கொடுத்தால் "ஞயறறுக கழம" என்பது போல உடைந்த எழுத்துகளைத் தரும். கேட்ட உடனே படிக்க முடியவில்லை என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். விவரிக்கும் மாதிரி அப்படி இல்லை. அது மொழி தெரிந்த இயந்திரம். தெரியாத இடத்தில் அந்த வகைப் படத்தில் பொதுவாக என்ன இருக்குமோ அதை நிரப்பி, பிழையில்லாத வாக்கியமாகக் கொடுத்துவிடும். சரியானதும் தவறானதும் ஒரே தெளிவோடு காதில் விழும். குரலில் தயக்கம் இருக்காது.

கேட்பவர் பக்கமும் ஒன்று நடக்கிறது. 2017-ல் மைக்ரோசாப்ட் ஆய்வாளர்கள் உள்ளிட்ட ஒரு குழு, பார்வையற்றவர்கள் சமூக வலைதளப் படங்களுக்கான தானியங்கி விவரிப்புகளை எப்படி ஏற்கிறார்கள் என்று ஆராய்ந்தது. கூட இருந்த செய்திக்கும் விவரிப்புக்கும் பொருத்தமே இல்லாதபோதும், இரண்டையும் இணைக்கும் ஒரு காரணத்தைத் தாங்களே கற்பித்துக்கொண்டு பலர் நம்பினார்கள் என்பது அதில் தெரிந்தது. அன்றைய விவரிப்புகள் ஒரே வரிதான். இன்று ஒரு பக்கத்துக்கு விவரம் வருவதால் நம்பத் தூண்டுவது இன்னும் அதிகம். விவரம் நீளமாக இருப்பதற்கும் அது சரியாக இருப்பதற்கும் தொடர்பு இல்லை.

ஓர் உதாரணத்தை முழுதாக எடுத்துக்கொள்வோம். கல்யாணப் பத்திரிகை ஒன்றைப் படமெடுத்து குரூப்பில் போட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். உண்மையில் அதில் இருப்பது இது: ஆவணி மாதம் 28ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, 13.9.2026, காலை 6.00 மணிக்கு மேல் 7.30 மணிக்குள் முகூர்த்தம், கீழே மண்டபத்தின் பெயரும் ஊரும். நீங்கள் ஷேர் செய்ததும் வரும் விவரத்தில் மஞ்சள் நிறப் பத்திரிகை, மேலே பிள்ளையார் படம், மணமக்கள் பெயர் எல்லாம் வந்து, தேதி 18.9.2026 என்று வருகிறது. மூன்றும் எட்டும் மங்கிய படத்தில் மிக எளிதாக மாறிவிடும் எண்கள்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? நம் பத்திரிகைகளில் ஒரே செய்தி மூன்று விதமாக அச்சாகியிருக்கும்: தமிழ் தேதி, கிழமை, ஆங்கிலத் தேதி. மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். "கிழமை என்ன?" என்று மட்டும் கேளுங்கள். ஞாயிறு என்று வருகிறது. போன் காலண்டரில் 18.9.2026-ஐத் திறந்தால் அது வெள்ளி. அங்கேயே இடிக்கிறது. தமிழ் மாதத்தைக் கேட்டால் ஆவணி என்று வருகிறது. செப்டம்பர் 17-லேயே புரட்டாசி பிறந்துவிடுவதால் 18 ஆவணியில் வராது. இரண்டு வழியிலும் 18 தவறு என்று தெரிந்துவிட்டது. ஆவணி 28-ம் ஞாயிறும் ஒன்றாக விழுவது 13-ல்தான்.

இதே கேள்விகளை வேறு மாதிரி கேட்டிருந்தால் தப்பு வெளிப்பட்டிருக்காது. "18ஆம் தேதி வெள்ளிக்கிழமைதானே?" என்று கேட்டால் "ஆம்" என்று வரும் வாய்ப்பு மிக அதிகம். விடையைக் கேள்விக்குள் வைத்தால் இந்த மாதிரிகள் அதையே பிடித்துக்கொள்ளும். "சேலை பச்சையா?" என்று கேட்பதற்கும் "சேலை என்ன நிறம்?" என்று கேட்பதற்கும் இதே வித்தியாசம். "தேதியைச் சுருக்காமல், பொருள் சொல்லாமல், அச்சில் உள்ளபடியே எழுத்து எழுத்தாகத் தரவும்; தெளிவாக இல்லாத இடத்தில் தெளிவில்லை என்று எழுதவும்" என்று கேட்டால் சில சமயம் எந்த வரி மங்கல் என்று சொல்லிவிடும். சொன்னால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லாமல் இருப்பதை மட்டும் தெளிவுக்கான சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முகூர்த்த நேரத்துக்கும் மண்டபப் பெயருக்கும் இப்படி உள்ளிருந்தே சரிபார்க்கும் வழி கிடையாது. அதற்கு நல்ல படம் வேண்டும். அனுப்பியவரிடம் அதே படத்தை HD தரத்திலோ, இன்னும் நல்லது, Document ஆகவோ அனுப்பச் சொல்லுங்கள். டாக்குமென்ட்டாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்காது. அதைவிடவும் பயன் தருவது, பத்திரிகையின் அந்தப் பகுதியை மட்டும் நெருங்கி எடுத்து அனுப்பச் சொல்வது. முழுப் பக்கத்தில் எறும்பளவு இருந்த எழுத்து பகுதிப் படத்தில் பெரிதாகிவிடுவதால், மாதிரி அதைச் சுருக்கினாலும் உருத் தெரியும். இரண்டு படத்திலும் ஒரே நேரம் வந்தால் ஓரளவு நிம்மதி.

இரண்டாவது கருத்து வேண்டுமானால் அதே படத்தை வேறு வகைக் கருவிக்குக் கொடுங்கள், அதே வகையில் இன்னொன்றுக்கு அல்ல. கூகுள் லென்ஸ் தமிழ் எழுத்தை அடையாளம் காணும். ஷேர் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்து, எழுத்தைத் தேர்வு செய்து நகலெடுத்து, குறிப்பு ஆப்பில் ஒட்டி, எழுத்து எழுத்தாக டாக்பேக்கில் கேட்கலாம். லென்ஸ் உடைந்த எழுத்தைத் தரும் இடமும் விவரிப்பு சரளமாகச் சொன்ன இடமும் ஒன்றாக இருந்தால், அங்கே ஊகம் நடந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். விவரிப்பு ஆப்கள் இரண்டு ஒன்றையே சொன்னாலும் அது வலுவான சான்று ஆகாது. ஒரே மங்கல் படத்தைப் பார்த்து இரண்டும் ஒரே மாதிரி ஊகிக்கக்கூடும்.

மருந்து அட்டையை இந்த வழியில் முடிவு செய்யவே வேண்டாம். வெள்ளி அட்டையில் வெளிச்சம் தெறிக்கும், காலாவதித் தேதி பெரும்பாலும் மை இல்லாமல் ஓரத்தில் அழுத்திப் பதிக்கப்பட்டிருக்கும், மாத்திரை எடுத்த இடத்தில் பெயரின் பாதி கிழிந்திருக்கும். 250 என்பதா 500 என்பதா என்ற இடத்தில் நிரப்பப்பட்ட சரளமான பதில் ஆபத்து. இந்த ஆப்பும் மருந்துக்கும் சாலையைக் கடப்பதற்கும் தன் விவரிப்பை நம்ப வேண்டாம் என்றே எச்சரிக்கிறது. இப்படிப்பட்ட நேரத்துக்குத்தான் அதே ஆப்பில் தன்னார்வலர் அழைப்பு இருக்கிறது. அமைப்பில் தமிழைச் சேர்த்துவிட்டால் தமிழ் தெரிந்தவரோடு இணைக்க முயலும். அவர் உங்கள் கேமரா வழியே நேரலையாகப் பார்ப்பார், "கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள், வெளிச்சம் அடிக்கிறது" என்று சொல்வார், தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்பார். வந்த படம் போனில் இருந்தாலும் அட்டை கையில் இருந்தால் அட்டையைக் காட்டுங்கள். மருந்துக் கடைக்காரர் பக்கத்தில் இருந்தால் அவரிடம் கேட்பது அதைவிட நல்லது.

கடைசியாக, எதை ஷேர் செய்யக்கூடாது என்பது. படம் உங்கள் போனிலேயே இருந்து விவரமாக மாறுவதில்லை, இணையம் வழியே அந்த நிறுவனத்தின் கணினிக்குப் போகிறது. ஆதார், பேங்க் பாஸ்புக், ஏடிஎம் அட்டை, ஓடிபி வந்த திரை இவற்றை அனுப்பாதீர்கள். ஆதாரில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் நம்பிக்கையான ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். மற்றவர்கள் உங்களை நம்பி அனுப்பிய மருத்துவமனைப் படம், குழந்தைகள் குளிக்கும் படம் போன்றவையும் அப்படியே. படம் வந்தது என்று தெரிந்ததும் ஷேருக்குப் போகும் முன், மேலேயோ கீழேயோ யாராவது ஒரு வரி எழுதியிருக்கிறார்களா என்று ஒருமுறை இடப்புறமும் வலப்புறமும் ஸ்வைப் செய்து கேளுங்கள். "அம்மா ஆபரேஷனுக்கு அப்புறம்" என்று எழுதியிருந்தால் அந்தப் படத்தை எந்த ஆப்புக்கும் கொடுக்க வேண்டியதில்லை, அனுப்பியவருக்கு ஒரு போன் போட்டால் போதும்.